ஞாயிறு இரண்டரை மணி நேரம்: எதை உறைய வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கான சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். நம்மில் பலருக்கும் இதுதான் நிலைமை. அதற்காக ஞாயிறன்றே ஐந்து நாள் குழம்பையும் செய்து ப்ரீசரில் வைத்தால், புதன்கிழமைக்குள் வீட்டில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். குழம்பை வைக்காதீர்கள், குழம்புக்கான அடிப்படையை வையுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

காரணம் எளிது. உறையும்போது காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் துகள்களாகி அதன் சதையைக் கிழித்துவிடும். அதனால்தான் உருளைக்கிழங்கு பஞ்சு போலாகிறது. கத்தரிக்காய், வெண்டைக்காய், சுரைக்காய் எல்லாம் கூழாகின்றன. மோர்க்குழம்பும் தேங்காய்ப்பால் சேர்த்த குருமாவும் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். இவை எதையும் ப்ரீசரில் வைக்காதீர்கள்.

நன்றாகத் தாங்குபவை: நன்கு சுண்ட வதக்கிய வெங்காயத் தக்காளி மசாலா, வேகவைத்த கொண்டைக்கடலை, ராஜ்மா, கெட்டியாக வேகவைத்த துவரம்பருப்பு, அரைக்காத தேங்காய்த் துருவல். சோறும் தாங்கும். ஆனால் குக்கரில் அரை மணியில் ஆகிற சோற்றுக்காக ப்ரீசர் இடத்தை அடைக்க வேண்டாம்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சனி இரவு அரை கிலோ கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். ஞாயிறு காலை ஒரு அடுப்பில் அதை உப்புப் போட்டு வேக விடுங்கள். அது இறங்கியதும் இரண்டு டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு வையுங்கள். இன்னொரு அடுப்பில் பெரிய வாணலியில் ஒரு கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு விழுது நான்கைந்து கரண்டி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை, முக்கால் மணி நேரம் போல வதக்குங்கள். தண்ணீர் எவ்வளவு சுண்டுகிறதோ அவ்வளவு நன்றாகத் தாங்கும். உப்பும் காரமும் பாதி போதும். மீதியை அன்றன்று சேர்க்கலாம்.

அடுத்து ஆற வைப்பது. தப்பு நடக்கிற இடம் இதுதான். பாத்திரத்தோடு விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கிருமி பெருக அது போதும். அகலமான தட்டுகளில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ப்ரீசருக்குப் போய்விட வேண்டும். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

ஒரு வேளைக்கு ஒரு பை என்று ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, விரல் தடிமனுக்குத் தட்டையாக்கித் தட்டில் படுக்க வையுங்கள். உறைந்ததும் புத்தகம் போல நிறுத்தி அடுக்கலாம். பையில் பெயரும் தேதியும் எழுதுங்கள். உங்கள் ப்ரீசரில் ஐஸ்கிரீம் கல் போல நிற்கிறது என்றால் இரண்டு மாதம் வரை சுவை மாறாது. ஐஸ்கிரீம் இளகியே இருந்தால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இனி வார நாட்கள். திங்கள், கடலையும் மசாலாவும் சேர்த்து சன்னா மசாலா. செவ்வாய், பருப்போடு புளிக்கரைசலும் புதிதாக நறுக்கிய காயும் சேர்த்து சாம்பார். புதன், அன்றே அவித்த முட்டையை மசாலாவில் போட்டு முட்டைக் குழம்பு. வியாழன், பருப்பும் கீரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கூட்டு. வெள்ளி, மசாலாவில் கடலையும் அரிசியும் போட்டுக் குக்கர் புலாவ். எதுவும் முக்கால் மணியைத் தாண்டாது.

மறுநாள் வேண்டிய பையை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், மூடிய பையைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். காலையில் சமையல் மேடையில் வைத்துவிட்டு அலுவலகம் போகக் கூடாது. உருகியதை நன்றாகக் கொதிக்க விடுங்கள். மீந்ததைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

கடைசியாக, மின்வெட்டு. ஊருக்குப் போய் வந்தால் இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

முதல் ஞாயிறு மசாலா மட்டும் செய்து பாருங்கள். மற்றவை தானாக வரும்.