இருமுறை கட்டிய பரீட்சைக் கட்டணம்

அம்பிட்டியவில் ஒரு தங்கை, அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அட்டையால் கட்டணம் செலுத்துகிறாள். பற்றுச்சீட்டு வரவில்லை. பதறிப்போய் மறுபடியும் செலுத்துகிறாள். இரண்டு முறையும் பணம் போய்விடுகிறது.

முதலில் வங்கிக் கணக்கறிக்கையைப் பார்க்க வேண்டும். தொகை 'நிலுவை' என்று நின்றால், சில நாட்களில் தானாகவே திரும்பக்கூடும். இரண்டும் பற்று வைக்கப்பட்டிருந்தால்தான் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும்.

கட்டணம் எக்காரணத்துக்காகவும் மீளளிக்கப்படாது என்று வர்த்தமானி அறிவித்தல்கள் சொல்லும். அதைப் படித்துப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் விண்ணப்பம் ஒன்று, கட்டணமும் ஒன்று. மேலதிகமாகப் போனது தவறுதலாகச் சேர்ந்த பணம். கடிதத்தில் இதைத்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பரீட்சையின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், விண்ணப்ப இலக்கம், இரு கொடுப்பனவுகளின் திகதி, தொகை, பரிமாற்ற இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். கணக்கறிக்கைப் பிரதியையும் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதியையும் இணையுங்கள். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் பரீட்சையென்றால், பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சை ஆணையாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கடிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் பணத்தை வாங்கித் தராது. கோரிக்கை யாருடைய மேசையில் இருக்கிறது என்பதைக் காட்டித்தரும்.