மறுமொழி வராத கோப்பு



அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரின் மேசையைப் பார்த்திருப்பீர்கள். கோப்புகளுக்கு நடுவே அகலமான பதிவேடு ஒன்று கிடக்கும். அதற்குத் தன்பதிவேடு என்று பெயர். பல அலுவலகங்களில் அது இப்போது கணிப்பொறித் திரைக்கு ஏறிவிட்டது. ஆனால் அதன் கட்டங்கள் பெரிதும் மாறவில்லை. பழைய சென்னை மாகாணத்தில் பிறந்த அலுவலக நடைமுறை ஒன்றின் உறுப்பு அது. டாட்டன்ஹாம் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் அந்நடைமுறையை டாட்டன்ஹாம் முறை என்பார்கள். தமிழகத்தோடு ஆந்திரத்திலும் கேரளத்திலும் அது வேரூன்றியிருக்கின்றது.

எழுத்தரிடம் வரும் ஒவ்வொரு தாளுக்கும் அப்பதிவேட்டில் ஓர் எண்ணும் ஓர் இடமும் உண்டு. தாள் வந்த நாள், யாரிடமிருந்து வந்தது, பொருள் என்ன, எழுத்தர் அதை மேலே வைத்த நாள், அது திரும்பிய நாள் என்று கட்டங்கள் போகும். அவற்றை அடுத்து இரண்டு கட்டங்கள் வரும். வேறோர் அலுவலகத்துக்கு என்று, யாருக்கு எழுதிக் கேட்டோம் என்பது ஒன்று. அதற்கு மறுமொழி என்று, யாரிடமிருந்து வந்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தான் நான் இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு வேலை முடியாமல் இருக்கின்றது என்றால் மூன்று இடங்களில் ஒன்றில் அது நிற்கும். எழுத்தரிடமே நிற்கலாம், மேலதிகாரியின் மேசையில் நிற்கலாம், வெளியே வேறொருவர் தர வேண்டிய ஒன்றுக்காக நிற்கலாம். "நிலுவை" என்ற ஒரே சொல்லால் மூன்றையும் மூடிவிட்டால், சோம்பலும் காத்திருத்தலும் ஒரே நிறமாகிவிடும். தன்பதிவேட்டில் அப்படி மூட முடியாது. கேட்ட கட்டத்தில் நாள் இருந்து, மறுமொழிக் கட்டம் வெறுமையாய் இருந்தால், இவ்வேலை பிறரால் தடைப்பட்டு நிற்கின்றது என்பது பார்த்தவுடன் விளங்கும். யாரால், எத்தனை நாளாக என்பதும் விளங்கும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் 2010ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஓய்வு பெற இருந்தார். ஓய்வூதியக் கருத்துருவை ஏறத்தாழ ஆறு திங்கள் முன்னதாகவே சென்னையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஆகவே 2009 ஜூன் திங்களிலேயே அவருடைய பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஆண்டுதோறும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பணி சரிபார்க்கப்பட்டது என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 1982 ஜூலை முதல் 1983 மார்ச் வரை ஒன்பது திங்களுக்கு அக்கையெழுத்து இல்லை. அப்போது அவர் வேறொரு பள்ளியில் இருந்தார். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த நம் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் அப்பள்ளி அன்று இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அது அந்தப் பக்கம் போய்விட்டது.

எங்கள் இளநிலை உதவியாளர் செய்ய நினைத்தது எல்லாரும் செய்வதுதான். அப்பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் கோப்பு முழுவதையும் கட்டி ஓரத்தில் வைக்கப் பார்த்தார். "தம்பி, தடைப்பட்டது கோப்பா, ஒரு பக்கமா?" என்று கேட்டேன். தடைப்பட்டது ஒரு பக்கம்தான். குடும்ப உறுப்பினர் விவரம், துணைவியாரோடு எடுத்த நிழற்படம், வாரிசு நியமனம், நிலுவையின்மைச் சான்று ஆகிய எதற்கும் அந்த ஒன்பது திங்கள் தேவையில்லை. அவற்றை ஜூலைக்குள் முடித்துவிட்டோம். காத்திருக்கும் வேலையைப் பிரித்துப் பாராமல், காத்திருக்கத் தேவையில்லாத பகுதியையும் சேர்த்து நிறுத்திவிடுவதே அலுவலகங்களில் நான் அதிகம் கண்ட இழப்பு.

தடைப்பட்ட பகுதிக்கு மட்டும் தனிக் குறிப்பு எழுதச் சொன்னேன். அது ஏறக்குறைய இப்படி இருந்தது: "வேண்டியது, 1982 ஜூலை முதல் 1983 மார்ச் வரை பணிச் சரிபார்ப்புச் சான்று. தர வேண்டியவர், இன்ன பள்ளித் தலைமையாசிரியர். கேட்டது 22-6-2009. மறுபடி கேட்க வேண்டியது 8-7-2009. நமக்குக் கடைசி நாள் 31-10-2009." மறுபடி கேட்கும் நாளை நினைவூட்டு நாட்குறிப்பில் அந்தத் தேதியின் பக்கத்திலும் எழுதிவைத்தோம். எழுதாவிட்டால், யாருக்கு என்று நினைவு வருகிறதோ அன்றுதான் கேட்போம். பெரும்பாலும் அது கோபம் வந்த நாளாக இருக்கும்.

ஜூலை 8 வந்தது, மறுமொழி வரவில்லை. உதவியாளர் நினைவூட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். பார்வையில் கண்ட கடிதத்துக்கு இதுவரை பதில் அனுப்பாதது வருந்தத்தக்கது என்றும், இனியும் தாமதிக்காமல் உடனே அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. அலுவலகத் தமிழில் இத்தகைய வாக்கியங்கள் அச்சு வார்த்தது போல வந்து விழும். இதில் மரியாதைக் குறைவு ஒருபுறம் இருக்க, பயன் குறைவும் உண்டு. அந்தப் பள்ளியின் எழுத்தருக்கு நம் கடிதம் நூற்றில் ஒன்று. பார்வையில் கண்ட கடிதம் எது என்று அவர் தேடிப் பார்த்தால்தான் நாம் கேட்பது என்னவென்றே அவருக்குத் தெரியும். தேட வைக்கும் கடிதம் கட்டின் அடிக்குப் போய்விடும்.

அதை அடித்துவிட்டு வேறு எழுதினோம். ஆசிரியரின் பெயர், அவர் அங்கே பணியாற்றிய காலம், வேண்டிய சான்றின் வாசகம் ஆகியவற்றைக் கடிதத்திலேயே கொடுத்தோம். முதற் கடிதத்தின் நகலை இணைத்தோம். "அக்டோபர் இறுதிக்குள் கிடைத்தால் அவருடைய ஓய்வூதியம் தாமதமின்றித் தொடங்க இயலும். பழைய பதிவேடுகளைத் தேடுவது எளிதன்று என்பதை அறிவோம், உதவிக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டுமாயின் தெரிவித்தால் அனுப்பிவைக்கிறோம்" என்று முடித்தோம். கடைசி நாளை மட்டும் சொல்லாமல் அந்நாளுக்குரிய காரணத்தையும் சொன்னதைக் கவனியுங்கள். காரணம் தெரியாத கெடு அதட்டலாகவே காதில் விழும்.

ஜூலை 24ஆம் நாள் இரண்டாம் நினைவூட்டும் போயிற்று. அதற்கும் ஓசையில்லை. மூன்றாவது கடிதத்தை எழுதுவதற்குப் பதிலாக, ஆகஸ்ட் 5ஆம் நாள் நானே தொலைபேசியில் அப்பள்ளித் தலைமையாசிரியரை அழைத்தேன். "ஐயா, ஏன் இன்னும் அனுப்பவில்லை?" என்று நான் கேட்கவில்லை. "ஐயா, இந்தச் சான்றுக்காக நீங்கள் வேறு யாரையேனும் எதிர்பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். உண்மை அப்போதுதான் வெளிவந்தது. 1982இல் அது சிறிய பள்ளி. அதன் சம்பளப் பட்டியல் பக்கத்து ஊரிலிருந்த பெரிய பள்ளியின் வழியாகப் போடப்பட்டு வந்தது. பட்டியல்களும் பற்றுச்சீட்டுகளும் அங்கேதான் இருந்தன. இவர்கள் அப்பெரிய பள்ளிக்கு எழுதிவிட்டு, நம்மைப் போலவே காத்திருந்தார்கள். காத்திருக்கிறோம் என்று நமக்கு ஒரு வரி எழுதத்தான் தோன்றவில்லை.

நம்மைத் தடுப்பவரை இன்னொருவர் தடுத்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். சங்கிலியின் முதல் கண்ணியை எத்தனை முறை இழுத்தாலும் கடைசிக் கண்ணி அசையாது. அன்றே எங்கள் குறிப்பைத் திருத்தினோம்: தர வேண்டியவர், பெரிய பள்ளித் தலைமையாசிரியர். முதற் பள்ளியாரின் இசைவைப் பெற்று, அவர்களுக்கு நகலிட்டு, நேரே அங்கே எழுதினோம். அவரைத் தாண்டிப் போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இருக்க அந்த இசைவு தேவை.

பெரிய பள்ளியார் ஆள் அனுப்புங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 19ஆம் நாள் எங்கள் உதவியாளர் பேருந்தேறிப் போனார். இரண்டு நாள் தூசியில் தேடியதில் எட்டுத் திங்களுக்குரிய பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. 1982 டிசம்பர் மட்டும் கரையான் தின்றுவிட்டிருந்தது. அந்த ஒரு திங்களுக்கு ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் துணைச்சான்றாகக் கொண்டு முதற் பள்ளித் தலைமையாசிரியர் சான்றளித்தார். சான்று செப்டம்பர் 11ஆம் நாள் எங்கள் கைக்கு வந்தது. மறுமொழிக் கட்டம் நிரம்பிற்று. அக்டோபரில் கருத்துரு போய்விட்டது.

இது நடவாமல் செப்டம்பர் இறுதியும் கடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நேர்முகக் கடிதம் என்று ஒன்று உண்டு. பதவிக்கு எழுதாமல், அதிகாரி அதிகாரியின் பெயரிட்டு எழுதுவது. அவர்களுடைய மேலதிகாரிக்கு அதை எழுதியிருப்போம். அப்போதும் எழுதப்போகிறேன் என்பதை உரிய தலைமையாசிரியரிடம் முதலில் சொல்லியிருப்பேன். புகாராக எழுதாமல், எட்டுத் திங்கள் கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை, இன்ன நாளுக்குள் தங்கள் உதவி தேவை என்பதாக எழுத வேண்டும். எப்போது மேலே போவது என்பதை நம் பொறுமை எப்போது தீர்ந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. நம் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானிக்க வேண்டும். சான்று வந்தபின் எங்களுக்கு இரண்டு வாரம் வேலை. மேலிடத்துத் தலையீட்டுக்கு மூன்று வாரம். அக்டோபர் 31இலிருந்து ஐந்து வாரத்தைக் கழித்தால் செப்டம்பர் 26. அந்நாளையும் நாட்குறிப்பில் எழுதியிருந்தோம்.

இம்முறைக்கும் நோய்கள் உண்டு. நினைவூட்டு அனுப்புவதே வேலை என்று ஆகிவிடுவது முதல் நோய். ஒரு கோப்பில் ஒரே வாசகத்தில் ஒன்பது நினைவூட்டுகளைக் கண்டிருக்கிறேன். கேட்ட நாள் மாறிக்கொண்டே வந்தது, கேள்வி மாறவேயில்லை. மூன்றாவதற்குள் கேட்கும் ஆளோ, வழியோ, கேள்வியோ மாறவில்லையென்றால், அங்கே காத்திருத்தல் நடக்கவில்லை, தன்னைக் காத்துக்கொள்ளல்தான் நடக்கின்றது.

மற்றொன்று கால் புக் என்னும் பதிவேட்டைப் பற்றியது. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பது போல, நெடுநாள் எதுவும் செய்ய இயலாத கோப்புகளை அன்றாடக் கணக்கிலிருந்து நீக்கி அதில் எழுதி வைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்தருக்குப் பிடிக்காத கோப்புகளும் அங்கே குடியேறிவிடும். உண்மையில் தடைப்பட்ட கோப்பா, ஒளித்துவைத்த கோப்பா என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: எது வந்தால் இது மறுநாளே நகரும்? விடை உடனே வந்தால் தடை உண்மை. எழுத்தர் கோப்பைப் புரட்டத் தொடங்கினால், கோப்பைத் தம் மேசைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

என்னிடம் படித்த சிலர் பெங்களூரிலும் ஒசூரிலும் கணிப்பொறி நிறுவனங்களில் இருக்கிறார்கள். ஒரு குழு முடித்துத் தந்தால்தான் மறு குழு தொடங்க முடியும் என்ற நிலை அங்கே அன்றாடம் உண்டாம். வேலைகளைத் திரையில் சீட்டுகளாக அடுக்கி, நின்றுபோனவற்றின்மேல் Blocked என்று குறிக்கிறார்கள். ஒருவர் ஒரு சீட்டைக் காட்டினார். சிவப்புக் குறி இருந்தது. யாருக்காக நிற்கிறது, என்று கேட்டார்கள், மறுபடி என்று கேட்பார்கள் என்பவற்றுக்குரிய இடம் வெறுமையாய் இருந்தது. "இந்தக் கட்டங்களை நிரப்புவதில்லையா?" என்று கேட்டேன். "கட்டாயமில்லை ஐயா" என்றார்.