ஐம்பதுக்கு ஐம்பது: நடுவர் மார்க்கும் மக்கள் ஓட்டும் எங்க முட்டிக்குது?

இந்த எபிசோடு ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

எங்க ஏரியா எர்ணாவூர்ல ஆடி மாசத் திருவிழாவுக்கு பாட்டுப் போட்டி வச்சாங்க. டிவியில பார்க்கிற மாதிரியே மூணு நடுவர், கூடவே மக்கள் ஓட்டு. ஒரு நம்பருக்கு ஒரு ஓட்டுன்னு ஃபார்ம் ரெடி பண்ணது, மார்க்கெல்லாம் ஷீட்ல போட்டுக் கூட்டினது எல்லாம் நான்தான். "நீ ஐடிதானே தம்பி, நீயே பாத்துக்கோ"ன்னு விட்டுட்டாங்க. விதி ரொம்ப எளிமை: நடுவருக்கு 50 சதவீதம், மக்களுக்கு 50 சதவீதம். மேடையில மைக்குல அறிவிச்சாச்சு, எல்லாரும் கை தட்டியாச்சு.

ரிசல்ட் சொன்ன பிறகு, ரெண்டாவதா வந்த பொண்ணோட அப்பா மேடைக்குப் பின்னாடி வந்தாரு. சண்டை எல்லாம் போடலை. "தம்பி, மூணு ஜட்ஜும் எம்பொண்ணுக்குத்தான் முதல் மார்க் போட்டாங்க. ஓட்டுலயும் அவ ரெண்டாவது இடத்துல இருக்கா. பாதிக்குப் பாதின்னா, எப்படிப்பா அவ தோத்தா?"ன்னு கேட்டாரு. கணக்கு சரியாத்தான் இருக்கு அண்ணேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்து ஷீட்டைத் திறந்து பார்த்தா, கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல. நான் எழுதின ஃபார்முலாவுலதான் தப்பு.

அதைப் பிரிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடி, டிவி ஷோக்கள் இதை எப்படிக் கையாளுதுன்னு பார்த்துடலாம். நம்ம தலையில அந்த மாடல்தானே இருக்கு.

விஜய் டிவி சூப்பர் சிங்கரை எடுத்துக்கோங்க. அங்க ரெண்டையும் ஒரே தராசுல போட்டுக் கூட்டுறதைவிட, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடுக்கி வைக்கிறதுதான் அடிப்படை. வாரா வாரம் யாரு போறாங்க, யாரு இருக்காங்கன்றதுல நடுவர் கை ஓங்கி இருக்கும். அப்படி வெளியேறினவங்களுக்கு வைல்ட் கார்டுன்னு ஒரு கதவு திறக்கும். அங்க மக்கள் ஓட்டு உள்ள வரும். கடைசியில பட்டம் யாருக்குன்றதையும் மக்கள் ஓட்டுதான் முடிவு பண்ணும்.

இதுல நல்லா கவனிக்க வேண்டிய ஆளு ஆஜித். சூப்பர் சிங்கர் ஜூனியர் மூணாவது சீசன்ல வைல்ட் கார்டு வழியா ஃபைனலுக்கு வந்து, 2012ல பட்டத்தையே ஜெயிச்ச பையன். முதல் நாள்ல இருந்து எல்லா மார்க்கையும் கூட்டிக்கிட்டே வர்ற முறையா இருந்தா, நடுவுல வெளிய போன ஒருத்தர் பின்தங்கிய கணக்கோடதான் திரும்பி வரணும். இங்க அப்படி இல்ல. ஃபைனல் மேடையில எல்லாருக்கும் கணக்கு பூஜ்ஜியத்துல இருந்து தொடங்குது. கேம்ல புது லெவலுக்குப் போனா பழைய ஸ்கோர் அழிஞ்சுடுற மாதிரி. நடுவர் வடிகட்டுறாங்க, வடிகட்டி மிஞ்சினதுல மக்கள் தேர்ந்தெடுக்கிறாங்க.

இந்த வடிகட்டல் இன்னொரு வேலையையும் சத்தமில்லாம செய்யுது. ஆடிஷன்ல வந்த எல்லாருக்கும் மார்க் போட்டா, ஒருத்தருக்கு 30, ஒருத்தருக்கு 90ன்னு பரந்து கிடக்கும். மாசக்கணக்குல வடிகட்டிட்டு ஃபைனலுக்கு வர்றப்போ எல்லாருமே நல்லாப் பாடுறவங்க. நடுவர் போடுற மார்க் 84ல இருந்து 92க்குள்ள நெருக்கமா வந்து உட்கார்ந்துக்கும். ஆனா ஓட்டு அப்படி நெருங்காது. ஊர்ப் பாசம், கதை, ரசிகர் கூட்டம் எல்லாம் சேர்ந்து ஒருத்தருக்கு இன்னொருத்தரைவிட ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு விழும்.

இங்கதான் எங்க எர்ணாவூர் ஷீட் மாட்டிக்கிச்சு. ஃபைனல்ல மூணு பேரு. பேரு வேணாம், அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும். அந்தப் பொண்ணு, கீபோர்டு வாசிச்சுக்கிட்டே பாடின பையன், கானா பாடின பையன்னு வச்சுக்குவோம். நடுவர் மார்க் நூத்துக்கு: பொண்ணுக்கு 92, கீபோர்டு பையனுக்கு 86, கானா பையனுக்கு 84. மொத்த ஓட்டு 1000. அதுல பொண்ணுக்கு 300, கீபோர்டு பையனுக்கு 260, கானா பையனுக்கு 440. சொல்றதுக்கு வசதியா ஓட்டை முழு எண்ணா ஆக்கியிருக்கேன், விகிதம் அதேதான்.

நான் ஷீட்ல போட்ட வரி இது:

```
=B2/100*50 + C2/1000*50
```

B2ல நடுவர் மார்க், C2ல ஓட்டு. பார்க்க எவ்வளவு நியாயமா இருக்கு! பொண்ணுக்கு 46 கூட்டல் 15, மொத்தம் 61. கீபோர்டு பையனுக்கு 43 கூட்டல் 13, மொத்தம் 56. கானா பையனுக்கு 42 கூட்டல் 22, மொத்தம் 64. கானா பையன் ஜெயிச்சாச்சு.

இப்போ மொத்தத்தை விட்டுட்டு இடைவெளியை மட்டும் பாருங்க. நடுவர் பங்குல முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவுல எவ்வளவு? 46ல 42 போனா 4. ஓட்டுப் பங்குல? 22ல 13 போனா 9. எல்லாருக்கும் பொதுவா கிடைச்ச மார்க் யாரையும் ஜெயிக்க வைக்காது, தோற்கவும் வைக்காது. மூணு பேருக்கும் 42 மார்க்காவது வந்துடுச்சு, அது வெறும் அலங்காரம். மீதி இருக்கிற அந்த 4தான் நடுவரோட உண்மையான பலம். மக்களோட பலம் 9. அறிவிச்சது 50க்கு 50. நடந்தது ஏறக்குறைய 30க்கு 70.

அந்த அண்ணன் கேட்டது இதைத்தான். அவருக்கு ஃபார்முலா தெரியாது, ஆனா பாதிக்குப் பாதி இல்லைன்னு தெரிஞ்சிருந்துச்சு.

சரி, இதை எப்படிச் சரி பண்றது? ரெண்டு வழி இருக்கு. ரெண்டுலயும் ஓட்டை இருக்கு.

முதல் வழி, ரெண்டு பக்கத்தையும் ஒரே நீளத்துக்கு இழுக்கிறது. அதிக மார்க் வாங்கினவருக்கு முழு 50, குறைச்சலா வாங்கினவருக்கு 0, நடுவுல இருக்கிறவருக்கு அதுக்குத் தகுந்த இடம். ஓட்டுக்கும் அதேதான். எங்க ஷீட்ல இதைப் போட்டுப் பார்த்தேன். பொண்ணுக்கு நடுவர் பக்கம் 50, ஓட்டுப் பக்கம் 11, மொத்தம் 61. கானா பையனுக்கு 0 கூட்டல் 50, மொத்தம் 50. கீபோர்டு பையனுக்கு 12.5 மட்டும். அதே மார்க், அதே ஓட்டு, ஆனா ஜெயிச்சவங்க வேற. ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் பார்த்துட்டுத் தூக்கம் வரலை.

ஆனா இந்த முறைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நடுவர் மார்க் 86, 85.5, 85ன்னு வந்திருந்தா? கிட்டத்தட்ட மூணு பேரும் சமம்தான்னு நடுவர் சொல்றாங்க. இந்த ஃபார்முலா அந்த ஒரே ஒரு மார்க்கை இழுத்து 50 மார்க் வித்தியாசமா ஆக்கிடும். இல்லாத சண்டையை இது உண்டாக்கும்.

ரெண்டாவது வழி, மார்க்கை மறந்துட்டு இடத்தை மட்டும் எடுக்கிறது. முதல் இடத்துக்கு 3 புள்ளி, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1. ரெண்டு பக்கத்தையும் கூட்டினா பொண்ணுக்கு 3ம் 2ம் சேர்ந்து 5, கானா பையனுக்கு 4, கீபோர்டு பையனுக்கு 3. இதுலயும் பொண்ணுதான் ஜெயிக்கிறா. எல்லாருக்கும் விரல் விட்டு எண்ணிக் காட்டலாம், அதுதான் இதோட அழகு. எவ்வளவு வித்தியாசத்துல முந்தினாங்கன்றது காணாமப் போறதுதான் இதோட விலை.

இதுல சமநிலை வந்தா என்ன ஆகும்ன்றதுக்கு உலகமே பார்த்த ஒரு கேஸ் இருக்கு. பாட்டு இல்ல, நடனம். பிபிசியோட 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்', 2008 டிசம்பர், அரையிறுதி. மூணு ஜோடி. நடுவர் மார்க்ல ரெண்டு ஜோடி முதல் இடத்துல சமம். ரெண்டு ஜோடிக்கும் 3 புள்ளி, மூணாவதா வந்த டாம் சேம்பர்ஸ் ஜோடிக்கு 1 புள்ளி. கடைசி ரெண்டு ஜோடி திரும்ப ஆடணும், அதுல ஒண்ணு வெளிய போகணும்ன்றது விதி.

கணக்குப் போட்டுப் பாருங்க. மக்கள் மொத்தமா சேர்ந்து டாமுக்கே முதல் இடம் குடுத்தாலும் அவருக்கு 1ம் 3ம் சேர்ந்து 4. மத்த ரெண்டு ஜோடிக்கு 5, 4. எப்படிப் பார்த்தாலும் அவர் கடைசி ரெண்டுலதான் நிப்பாரு. அப்படின்னா அவருக்காகப் போட்ட ஓட்டுக்கு அவரைக் காப்பாத்தற சக்தியே கிடையாது. கடைசியில அந்த வாரம் யாரையும் அனுப்பாம, மூணு ஜோடியையும் ஃபைனலுக்கு எடுத்துக்கிட்டு, விழுந்த ஓட்டுகளையும் அங்க கொண்டு போனாங்க. ஃபைனல்ல ஜெயிச்சது யாரு தெரியுமா? அதே டாம் சேம்பர்ஸ்தான்.

நம்ம மொழியில சொன்னா, அது ஒரு எட்ஜ் கேஸ். சமநிலை வந்தா என்னன்னு முன்னாடியே ஒரு டெஸ்ட் எழுதியிருந்தா மாட்டியிருக்கும்.

அப்போ எது சரியான முறை? எல்லாத்துக்கும் பொருந்துற ஒண்ணு இல்ல. கானா பையன் ஜெயிச்சது அநியாயம்னும் நான் சொல்லலை. 440 பேரு நேரம் ஒதுக்கி அவனுக்கு ஓட்டுப் போட்டிருக்காங்க, அதுவும் நிஜம்தான். "மக்களுக்கு 70"ன்னு மைக்குல சொல்லியிருந்தா யாருக்கும் வருத்தம் இல்ல. 50ன்னு சொல்லிட்டு 70 குடுத்ததுதான் தப்பு.

யூரோவிஷன் பாட்டுப் போட்டியில 2016ல இருந்து நடுவர் புள்ளியையும் மக்கள் புள்ளியையும் தனித்தனியா அறிவிக்கிறாங்க. அந்த வருஷம் நடுவர் பக்கம் முதல் ஆஸ்திரேலியா, மக்கள் பக்கம் முதல் ரஷ்யா. பட்டம் போனது ரெண்டு பக்கத்துலயும் ரெண்டாவதா வந்த உக்ரைனுக்கு. பிடிச்சாலும் பிடிக்காட்டியும், ரெண்டு கட்டமும் கண்ணு முன்னாடி இருக்கிறதால எப்படி வந்துச்சுன்னு வீட்டுல உட்கார்ந்து யார் வேணா கூட்டிப் பார்த்துக்கலாம்.

அடுத்த தடவை ஒரு ஷோவுல "நடுவர் மார்க்கும் உங்க ஓட்டும் சேர்த்து"ன்னு சொன்னா, சதவீதத்தைக் கேட்டுட்டு விட்டுடாதீங்க. நடுவர் மார்க்ல முதலுக்கும் கடைசிக்கும் எவ்வளவு இடைவெளி, ஓட்டுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. எந்தப் பக்கம் இடைவெளி பெருசோ, தீர்ப்பு அந்தப் பக்கம்தான்.

மறுவாரம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் ஷீட்டைக் காட்டினேன். பரிசை மாத்த முடியாது, பையன் கையில குடுத்தாச்சு. அவர் ரெண்டு கட்டத்தையும் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ எம்பொண்ணு பாட்டுல குறை இல்லைன்றே"ன்னாரு. இல்ல அண்ணேன்னேன். உள்ள திரும்பி, "ஏம்மா, இங்க வந்து இந்த அண்ணன் சொல்றதைக் கேளு"ன்னு கூப்பிட்டாரு. நான் மறுபடியும் முதல்ல இருந்து சொன்னேன்.

இந்த வருஷமும் ஷீட் என்கிட்டதான் வந்திருக்கு. இடத்துக்குப் புள்ளி முறைதான். சமநிலை வந்தா யாரு மேலன்றதை முதல் பாட்டுக்கு முன்னாடியே மைக்குல சொல்லிடுவோம். முடிஞ்சதும் ரெண்டு கட்டத்தையும் பந்தல்ல ஒட்டிடுவோம். அடுத்த எபிசோடுல பார்க்கலாம் மக்களே.