கொதிகலன் நீரில் உப்பின் கணக்கு: ப்ளோடவுன் குறித்த மாநாட்டுத் தலைமை உரை

கொதிகலனிலிருந்து நீராவி வெளியேறுகிறது. நீரில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆவியாகிப் போன நீரை ஈடுகட்ட வரும் ஊட்டுநீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைக் கொண்டுவருகிறது. வரவு மட்டும் இருந்து செலவு இல்லாத கணக்காக இது நீண்டால், கொதிகலன் நீர் நாளடைவில் உப்புக் கரைசலாகிவிடும். அந்தக் கணக்கில் செலவுப் பக்கம் ஒன்றை உண்டாக்குவதே ப்ளோடவுன். உப்பு செறிந்த கொதிகலன் நீரில் ஒரு பகுதியை வெளியே விட்டு, உப்பு குறைந்த ஊட்டுநீரால் அந்த இடத்தை நிரப்புவது இதன் முறை. எவ்வளவு விடுவது, எங்கிருந்து விடுவது, போதுமான அளவு விட்டோமா என்பதை எப்படி அறிவது என்பவையே இம்மாநாட்டின் அமர்வுகள் எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

சாயத் தொழிற்கூடங்களில் பரவலாகக் காணப்படும் வகைக் கொதிகலன் ஒன்றை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். அது விறகில் எரியும் புகைக்குழாய்க் கொதிகலன். 10 பார் அழுத்தத்தில் மணிக்கு 4,000 கிலோ நீராவி தருகிறது. உள்ளே சுமார் 8,000 கிலோ நீர் நிற்கிறது. சாஃப்ட்னரைக் கடந்த நீரும் திரும்பி வரும் கண்டென்சேட்டும் கலந்த ஊட்டுநீர்த் தொட்டியில் கரைந்த திண்மங்களின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 300 பி.பி.எம். மணிக்கு 4,000 கிலோ ஊட்டுநீர் 1.2 கிலோ உப்பைச் சுமந்துவருகிறது. ப்ளோடவுனே இல்லையென்றால் 8,000 கிலோ நீரில் மணிக்கு 150 பி.பி.எம். ஏறும். 300-இல் தொடங்கிய நீர் 18 மணி நேரத்தில் 3,000-ஐத் தொட்டுவிடும்.

3,000-இலேயே நிறுத்திவைக்க வேண்டுமானால் உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாக வேண்டும். வெளியேற்ற வேண்டிய நீரின் அளவைக் காண, நீராவி அளவை ஊட்டுநீரின் டி.டி.எஸ்.ஸால் பெருக்கி, கொதிகலன் நீரின் டி.டி.எஸ்.ஸிலிருந்து ஊட்டுநீரின் டி.டி.எஸ்.ஸைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இங்கே 4,000-ஐ 300-ஆல் பெருக்கி 2,700-ஆல் வகுத்தால் மணிக்கு 444 கிலோ கிடைக்கிறது. உள்ளே 3,000, வருவது 300 என்பதால் செறிவுச் சுற்று 10. உள்ளே வரும் நீரில் பத்தில் ஒரு பங்கு இப்படியே வெளியேற வேண்டும் என்பதே இதன் பொருள்.

இந்தக் கணக்கின் வடிவம் கவனிக்கத்தக்கது. 2,000 பி.பி.எம்.மில் ஓட்டினால் மணிக்கு 706 கிலோ விட வேண்டும். 3,000-க்கு உயர்த்தியதும் 262 கிலோ மிச்சமாகிறது. ஆனால் மேலும் 500 உயர்த்தி 3,500-க்குப் போனால் கூடுதலாக மிச்சமாவது 69 கிலோ மட்டுமே. முதல் ஏற்றத்தில் கிடைக்கும் மிச்சம் பெரிது. கடைசி ஏற்றத்தில் கிடைப்பது அற்பம். ஆபத்தோ கடைசி ஏற்றத்தில்தான் குவிந்திருக்கிறது. 20 பார் வரையிலான கொதிகலன்களுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10392 அனுமதிக்கும் உச்ச டி.டி.எஸ். 3,500. அது எட்ட வேண்டிய இலக்கு அன்று. கடக்கக் கூடாத எல்லை.

அந்த எல்லைக்கு அருகே நடப்பது நுரைத்தல். தூய நீரில் எழும் குமிழி மேற்பரப்பை அடைந்ததும் உடைந்துவிடும். கரைந்த உப்பும் காரத்தன்மையும் ஏற ஏற, குமிழியின் சவ்வு எளிதில் உடையாமல் நிற்கிறது. எண்ணெயோ கரிமப் பொருளோ சிறிதளவு கலந்தாலும் இதே விளைவு வேகமாக வரும். உடையாத குமிழிகள் அடுக்கடுக்காக ஏறி நீராவி இடத்தை நிரப்புகின்றன. நீராவியோடு கொதிகலன் நீரும் குழாய்க்குள் போகிறது. இதைத்தான் கேரிஓவர் என்கிறார்கள். பல சாயத் தொட்டிகளின் வால்வுகள் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கி, நீர் முழுவதும் பொங்கி எழும். அழுத்தம் தாழ்ந்தால் நீராவியின் கன அளவும் பெருகும்: 10 பாரில் ஒரு கிலோ நீராவி 0.177 கன மீட்டர். 5 பாரில் 0.315. அதே எடை நீராவி ஏறத்தாழ 1.8 மடங்கு கன அளவோடு மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு எழுவதால் துளிகள் கூடுதலாக அடித்துச் செல்லப்படுகின்றன. விறகு மிச்சமாகும் என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் இடங்களில், டி.டி.எஸ். மாறாமலே கேரிஓவர் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. கேஜ் கிளாஸில் நீர்மட்டம் நிலைகொள்ளாமல் துள்ளும். மட்டம் பொய்யாக ஏறிக் காட்டுவதால் பம்ப் நின்றுவிட, நுரை அடங்கியதும் மட்டம் திடீரென விழுந்து குறைநீர் அலாரம் அடிக்கும். ஸ்டீம் ட்ராப்களும் வால்வுகளும் வெண்மையான உப்புப் படிந்து சிக்கும். நீராவி நேரடியாகப் படும் துணியில் கறை விழும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே கண்டென்சேட்டைச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல நீராவியிலிருந்து வரும் கண்டென்சேட்டில் சில பி.பி.எம். மட்டுமே இருக்கும். 3,000 பி.பி.எம். கொண்ட கொதிகலன் நீர் ஒரு விழுக்காடு கலந்தாலே அது 30 பி.பி.எம். ஆகிவிடும். ஆகவே ஒரு கொதிகலனின் உண்மையான எல்லையைக் கண்டுபிடிக்க, வழக்கமான உச்சச் சுமையில் டி.டி.எஸ்.ஸைச் சிறிது சிறிதாக உயர்த்தி, கண்டென்சேட் கெடத் தொடங்கும் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பாதுகாப்பான அளவு கீழே இயக்க எல்லையை வைக்கலாம். தர நிர்ணயத்தின் எண்ணையும் அப்போது தாண்டக் கூடாது.

படிவு வேறு கதை. டி.டி.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தினால் குழாயில் படிவு வராது என்ற நம்பிக்கை பாய்லர் அறைகளில் பரவலாக உண்டு. அது பாதி உண்மை. சோடியம் உப்புகள் எவ்வளவு செறிந்தாலும் பெரும்பாலும் கரைசலிலேயே இருக்கும். ப்ளோடவுன் அவற்றை அள்ளிச் சென்றுவிடும். கால்சியம் உப்புகள் அப்படியல்ல. கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பனேட்டாக வீழ்கிறது. கால்சியம் சல்பேட்டோ சூடு ஏற ஏறக் கரைதிறனை இழக்கிறது. எனவே நீரிலேயே மிகச் சூடான இடமான குழாய்ச் சுவரில்தான் இவை ஒட்டுகின்றன. ஒட்டியதை எந்த ப்ளோடவுனும் பெயர்த்தெடுக்காது. ஆகவே கடினத்தன்மையை நிறுத்த வேண்டிய இடம் சாஃப்ட்னர். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுப்பதால் டி.டி.எஸ். குறைவதில்லை, படியும் உப்பு படியாத உப்பாக மாறுகிறது, அவ்வளவே. சாஃப்ட்னரைத் தப்பி வருவதைப் பாஸ்பேட் மருந்து மென்மையான சேறாக மாற்றும். அந்தச் சேற்றை அடிப்புற ப்ளோடவுன் வெளியேற்றும்.

மெல்லிய படிவு என்ன செய்யும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். எரியறைச் சுவரில் சதுர மீட்டருக்கு 200 கிலோவாட் வெப்பம் பாய்வதாகக் கொள்ளலாம். படிவின் வெப்பக் கடத்துதிறன் 2 வாட் என்றால், 1 மில்லிமீட்டர் படிவைக் கடக்க 100 டிகிரி வெப்ப வேறுபாடு வேண்டும். 10 பாரில் நீரின் கொதிநிலை 184 டிகிரி. அதற்கு மேல் இந்த 100 டிகிரியையும் இரும்பு தாங்க வேண்டும். நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா படிவின் கடத்துதிறன் 0.5 வாட் அளவுக்கு இறங்கினால் வேறுபாடு 400 டிகிரி. அந்தச் சூட்டில் இரும்பு வலுவிழந்து, எரியறைச் சுவர் உப்பிப் புடைக்கும்.

கொதிகலனைத் திறக்காமலேயே படிவு நடப்பதை அறிய வழி உண்டு. குளோரைடு படியாத பொருள். அதன் செறிவுச் சுற்றே உண்மையான சுற்று. ஊட்டுநீரில் குளோரைடு 80, கொதிகலனில் 800 என்றால் சுற்று 10. அதே நாளில் ஊட்டுநீரில் சிலிக்கா 20 இருந்தால் கொதிகலனில் 200 இருக்க வேண்டும். 120 மட்டுமே இருந்தால் மீதி 80-க்கு ஈடான சிலிக்கா கரைசலை விட்டுப் போய்விட்டது. அது இருக்கும் இடம் பெரும்பாலும் குழாய்ச் சுவர்தான். சிலிக்காவைக் கரைசலில் பிடித்துவைப்பது எரிகாரத் தன்மை. சிலிக்கா, எரிகாரத் தன்மையின் 0.4 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற நடைமுறை விதி அதனால்தான் வந்தது.

நீரை எங்கிருந்து விடுவது என்பதற்கான விடை, கரைந்த உப்புக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே இருக்கிறது. சேறு அடியில் தங்குகிறது; அதற்கு அடிப்புற வால்வைச் சில நொடிகள் முழுதாகத் திறந்து மூடுவது போதும். நெடுநேரம் திறப்பதைவிட, குறுகிய நேரம் பலமுறை திறப்பதே சேற்றை நன்றாக இழுக்கும். டி.டி.எஸ்.ஸுக்கு இந்த முறை பொருந்தாது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருமுறை மட்டும் விடுவதானால், நம் கொதிகலனில் ஒரே வீச்சில் 3.5 டன்னுக்கு மேல் வெளியேற வேண்டும். மொத்த நீர் 8 டன். எரியறைக்கு மேல் நீர்மட்டம் இருந்தாக வேண்டும் என்ற நிலையில் அது நடக்காத காரியம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழிருந்து, சிறிய அளவில், தொடர்ந்து விடும் மேற்புற ப்ளோடவுனே டி.டி.எஸ்.ஸைச் சமநிலையில் வைக்கும்.

அளவீடு தவறினால் இவை அனைத்தும் தவறும். அழுத்தத்திலிருந்து நேராக வாளியில் பிடித்த நீரில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால், எஞ்சிய நீர் உண்மையைவிடச் செறிவாகக் காட்டும். மாதிரியைக் குளிர்விப்பான் வழியாகவே எடுக்க வேண்டும். மின்கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 விழுக்காடு மாறுவதால் அளவீட்டை 25 டிகிரிக்குச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ராக்சைடு அயனிகள் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்துவதால், மாதிரியை நடுநிலையாக்கிய பின் வரும் மைக்ரோசீமன்ஸ் அளவை 0.7-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். கிட்டத்தட்டக் கிடைக்கும். 3,000 பி.பி.எம். என்பது சுமார் 4,300 மைக்ரோசீமன்ஸ். நடுநிலையாக்காமல் அளப்பவர் டி.டி.எஸ்.ஸை உயர்வாகக் கண்டு, தேவைக்கு மேல் நீரை வெளியே விடுவார்.

அந்த மிகையின் விலையையும் கணக்கிடலாம். 10 பாரில் ஒரு கிலோ நீரில் 782 கிலோஜூல் வெப்பம் உண்டு. 70 டிகிரி ஊட்டுநீரில் 293. தேவையின்றி விடும் ஒவ்வொரு கிலோவும் 489 கிலோஜூலைக் கொண்டுபோகிறது. 3,000-இல் ஓட்டக்கூடிய கொதிகலனை 2,000-இல் ஓட்டினால், கூடுதலாகப் போகும் 262 கிலோ நீருக்கு, 15 மெகாஜூல் வெப்ப மதிப்புள்ள விறகும் 70 விழுக்காடு திறனும் கொண்டு பார்த்தால், மணிக்குச் சுமார் 12 கிலோ விறகு கூடுதலாக எரிகிறது. போயே தீர வேண்டிய 444 கிலோவிலும் மீட்கக்கூடியது உண்டு. அதை 0.5 பார் அழுத்தத்திலுள்ள ப்ளாஷ் கலத்தில் விட்டால் 14 விழுக்காடு, அதாவது சுமார் 62 கிலோ, நீராவியாகப் பிரியும். அதை ஊட்டுநீர்த் தொட்டிக்கே திருப்பலாம்.

ப்ளோடவுனின் அளவைத் தீர்மானிக்கும் இடம், முடிவில், வால்வு அல்ல, ஊட்டுநீர். அதே கொதிகலனுக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் நீரால் ஊட்டுநீரை 30 பி.பி.எம்.முக்குக் குறைத்தால், 3,000-இல் நிறுத்த மணிக்கு 40 கிலோ வெளியேற்றினால் போதும் என்கிறது சூத்திரம். திருப்பூர்ச் சாயத் தொழிலில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிலையில், ப்ளோடவுன் நீரும் சுத்திகரிப்பின் சுமையாகவே சேர்வதால் இந்த வேறுபாடு பெரிது. ஆனால் அப்போது செறிவுச் சுற்று 100 ஆகிறது. டி.டி.எஸ். எல்லையை எட்டுமுன்பே சிலிக்காவோ காரத்தன்மையோ தன் எல்லையை எட்டக்கூடும். எது முதலில் எட்டுகிறதோ அதுவே சுற்றின் எண்ணையும், அதன் வழியே வெளியேற வேண்டிய நீரின் அளவையும் முடிவு செய்யும்.