நாலு பில்லுக்கு ஒரே கெடு நாள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் கூடும்போது, ஊரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்கு நல்ல வியாபாரம். அதற்கான சரக்கை ஜூன் மாதத்திலிருந்தே ஈரோட்டு மொத்தக் கடையில் கடனுக்கு எடுத்து வைத்திருப்பார்கள். துண்டுக்கு ஒரு கெடு, சென்னிமலைப் போர்வைக்கு வேறொரு கெடு. எல்லாவற்றையும் ஒரே காசோலையில் முடிப்பதென்றால் எந்த நாளில் கொடுப்பது நியாயம்? வாங்கியவருக்கும் நட்டமில்லாமல், விற்றவருக்கும் வட்டி போகாமல் இருக்க வேண்டும். அந்த நாளைச் சராசரிக் கெடு நாள் என்கிறோம்.

கையில் பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையின் கணக்கை நாமே வைத்துக்கொள்வோம். நாலு பில்.

முதல் பில் ஜூன் 2, தொகை 40,000, கெடு 30 நாள். இரண்டாவது ஜூன் 10, 60,000 ரூபாய், 45 நாள். மூன்றாவது ஜூன் 25, 20,000 ரூபாய், 15 நாள். நான்காவது ஜூலை 5, 80,000 ரூபாய், 30 நாள். மொத்தம் 2 லட்சம்.

பில் போட்ட தேதியை இனி மறந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பணம் சேர வேண்டிய நாள்தான் கணக்கு. முதல் பில்லுக்கு ஜூலை 2, இரண்டாவதற்கு ஜூலை 25, மூன்றாவதற்கு ஜூலை 10, நான்காவதற்கு ஆகஸ்ட் 4. நாளை எண்ணும்போது மாதத்துக்கு முப்பது என்று அடித்துவிடாதீர்கள். ஜூனுக்கு 30, ஜூலைக்கு 31.

இவற்றில் முந்திய கெடுவான ஜூலை 2-ஐத் தொடக்க நாளாக வைப்போம். வேறு எந்த நாளை வைத்தாலும் விடை அதேதான். இதில் கழித்தல் குறி வராது, அவ்வளவே. அங்கிருந்து முதல் பில்லுக்குப் பூஜ்ஜிய நாள், இரண்டாவதற்கு 23, மூன்றாவதற்கு 8, நான்காவதற்கு 33. இனி தொகையை அந்தந்த நாளால் பெருக்க வேண்டும். முதல் பில்லுக்கு ஒன்றும் இல்லை. அடுத்தது 13,80,000. அதற்கடுத்தது 1,60,000. கடைசி 26,40,000. கூட்டினால் 41,80,000. இதை மொத்தக் கடனான 2 லட்சத்தால் வகுத்தால் 20.9. அதாவது 21 நாள். ஜூலை 2-லிருந்து 21 நாள் தள்ளினால் ஜூலை 23.

தொகையை ஏன் இழுக்க வேண்டும், நாலு நாட்களையும் கூட்டி நாலால் வகுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 16 வரும், ஜூலை 18 என்று ஆகும். பெரிய பில்லான 80,000 கடைசியில் விழுகிறது. அதற்கும் 20,000 ரூபாய்ப் பில்லுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் 2 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 100 ரூபாய். ஐந்து நாள் முன்னதாகக் கொடுத்த கடைக்காரருக்கு 500 ரூபாய் போச்சு.

கணக்குச் சரிதானா என்று பார்க்கவும் வட்டியே வழி. சந்தை முடிந்து ஆகஸ்ட் 12-ல்தான் பணம் கொடுக்கிறார் என்று வையுங்கள். ஜூலை 23-லிருந்து 20 நாள் தாமதம், வட்டி 2,000 ரூபாய். இதையே நாலு பில்லுக்கும் தனித்தனியாகப் போட்டால் 2,010 வரும். அந்தப் பத்து ரூபாய், 20.9-ஐ 21 என்று முழுமையாக்கியதால் வந்தது. அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்தால் எங்கேயோ ஒரு கெடு நாளைத் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள்.

நடுவில் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஜூலை 15-ல் 50,000 கொடுத்தார் என்றால், அது தொடக்க நாளிலிருந்து 13-ஆம் நாள். பெருக்கினால் 6,50,000. இதை முந்தைய கூட்டுத்தொகையில் கழித்தால் 35,30,000. பாக்கி ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் 23.5 சொச்சம், 24 நாள். பாக்கிக்குக் கெடு ஜூலை 26. முன்கூட்டிக் கொடுத்ததற்குக் கிடைத்த மூன்று நாள் அது.

இதெல்லாம் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வட்டிக் கணக்குக்குப் பொருந்தும். சட்டம் வேறு மாதிரி எண்ணுகிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒத்துக்கொண்ட நாளுக்குள் பணம் சேர வேண்டும். எழுத்தில் ஒத்துக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வெறும் வாங்கி விற்கும் மொத்தக் கடைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இதே நாலு பில்லையும் சென்னிமலையில் தறி வைத்திருக்கும் அப்படியொரு உற்பத்தியாளர் போட்டிருந்தால், ஜூலை 23 என்பது முதல் பில்லுக்கு 51-ஆம் நாள். மூன்றாவது பில்லுக்கும் ஒத்துக்கொண்ட ஜூலை 10 தாண்டிவிட்டது. சராசரி சரியாக இருந்தாலும் அந்த இரண்டு பில்லும் கெடு தாண்டியவைதான். அதனால் நேரடியாகத் தறிக்காரரிடம் வாங்குகிறவர்கள் அப்படிப்பட்ட பில்களை மட்டும் தனியே பிரித்து முதலில் அடைத்துவிடுங்கள். மீதிக்குச் சராசரி போடுங்கள்.