குடல் துடித்த தாயும் உள்ளம் பொங்கிய அண்ணனும்



விவிலியத்தின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும் உணர்ச்சிகளை உடலின் உள்ளுறுப்புகளில் குடிவைத்துப் பேசுகின்றன. அவ்வுறுப்புகள் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயின என்பதே இன்றைய உரையின் பொருள். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அந்நூலைச் சமய நூலாகக் கொள்ளாதவர்கள். அதனால் குறையொன்றும் இல்லை. இது மொழிபெயர்ப்பைப் பற்றிய பேச்சு. நான் பெரிதும் எடுத்துக்கொள்வது, பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகளில் வாசிக்கப்பெறும் பழைய மொழிபெயர்ப்பு.

முதலில் நெஞ்சைப் பற்றி ஒரு சொல். எபிரேயத்தில் ‘லேவ்’ என்பது இதயம். ஆனால் அவ்விதயம் அன்பு செய்வதைவிட மிகுதியாகச் சிந்திக்கிறது, தீர்மானிக்கிறது. ஓசேயா தீர்க்கர் தம் நாட்டாரை ‘லேவ் இல்லாத புறா’ என்கிறார். அதனை ‘இதயமற்ற புறா’ என்று பெயர்த்திருந்தால் இரக்கமற்ற புறா என்று பொருள்பட்டு, ஒன்றுமறியாத அப்பறவை கொடிய பறவை ஆகியிருக்கும். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘புத்தியில்லாத’ என்று எழுதித் தப்பித்தார்கள். இங்கே அவர்களுக்குத் துணைநின்றது தமிழ் மரபே. நம் நெஞ்சமும் நினைக்கும், மறக்கும், துணியும். திருக்குறளில் தலைவி தன் நெஞ்சோடு வழக்காடுவதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆகவே இதயத்தில் இடர்ப்பாடு குறைவு. வயிற்றுக்குள் இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது, சாலொமோன் அரசன் முன் நிகழ்ந்த வழக்கு. ஒரு குழந்தைக்கு இரு பெண்கள் உரிமை கோருகின்றனர். குழந்தையை இரண்டாக வெட்டிப் பகிருங்கள் என்கிறான் அரசன். உண்மைத் தாய், பிள்ளையை மற்றவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கதறுகிறாள். அப்போது அவளுக்குள் நிகழ்ந்ததை எபிரேயம் இரண்டே சொற்களில் கூறுகிறது. இரண்டாவது காட்சி ஆதியாகமத்தில் வருவது. எகிப்தில் ஆளுநனாக இருக்கும் யோசேப்பு, தன்னை இன்னாரென்று அறியாத தம்பி பென்யமீனைக் கண்டதும், அழுவதற்கு இடம் தேடி உள்ளறைக்கு விரைகிறான். அங்கும் அதே இரு சொற்கள்தாம். வினை ஒன்றே, பெயர் ஒன்றே. ‘அவளுடைய’, ‘அவனுடைய’ என்னும் விகுதி மட்டுமே வேறு.

அப்பெயர் ‘ரஹமீம்’. இரக்கம் என்பது அதன் பொருள். கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்னும் சொல்லோடு உறவுடையது. வினைக்குச் சூடேறுதல், கனன்றெழுதல் என்று பொருள் கொள்வர். ஆக, இரு காட்சிகளிலும் அடிவயிற்றில் பரிவு கனன்று எழுகிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் குடலென்னும் சொல்லையே வைத்தது. தமிழர் அவ்வாறு செய்யவில்லை. தாய்க்குக் ‘குடல் துடித்தது’. யோசேப்புக்கு ‘உள்ளம் பொங்கியது’.

ஏன் இந்த வேற்றுமை? மொழிபெயர்ப்பாளர்கள் காரணம் எழுதி வைக்கவில்லை. ஆனால் தமிழ்ச் செவியுடையோர்க்கு அது விளங்காமற் போகாது. ‘பெற்ற வயிறு பற்றி எரிகிறது’ என்று சொல்லும் உரிமை நம் மொழியில் தாய்க்கு மட்டுமே உண்டு. ஓர் ஆடவன் தன் தம்பியைக் கண்டு வயிறு எரிந்தான் என்றால், தம்பியின் செல்வத்தைக் கண்டு பொறாமைப்பட்டான் என்றே கேட்போர் கொள்வர். வயிறு கலங்கினால் அச்சம். வயிற்றில் பால் வார்த்தால் ஆறுதல். குடலைப் புரட்டினால் அருவருப்பு. தமிழ் வயிறு வெறுமையாக இல்லை. அதன் ஒவ்வோர் அறையிலும் ஏற்கெனவே ஓர் உணர்ச்சி குடியிருக்கிறது. உடன்பிறந்தான்பால் எழும் பரிவுக்கு அங்கே இடமில்லை.

எனவே அவர்கள் செய்தது பிழையன்று என்பது என் கருத்து. ஆனால் இழப்பு ஒன்று உண்டு. எபிரேய வாசகன், ஆளுநனாகிய ஆண்மகனிடத்திலும் தாயின் கருப்பைச் சொல்லைக் கேட்கிறான். தமிழ் வாசகனுக்கு இவ்விரு கதைகளையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டது. இதே போக்கு வேறிடத்தும் காணப்படுகிறது. குடலைக் குறிக்கும் ‘மேயிம்’ என்னும் சொல் எரேமியாவின் நூலில் தீர்க்கரின் வேதனையைச் சொல்லும்போது தமிழிலும் குடலாகவே நிற்கிறது. எப்பிராயீமுக்காகக் கடவுள் உருகுவதைச் சொல்லும்போது உள்ளமாகிவிடுகிறது. கடவுளுக்குக் குடல் வைக்க அவர்கள் கை கூசியது போலும்.

அடுத்தது சிறுநீரகம். இதற்குத் தமிழில் எந்த உணர்ச்சியும் இல்லை. எபிரேயத்தில் ‘கெலாயோத்’ எனப்படும் சிறுநீரகங்கள் இரவில் ஒருவனுக்கு அறிவு புகட்டுகின்றன, துயரால் குத்துண்கின்றன, மகனின் நற்சொல் கேட்டு மகிழ்கின்றன. கடவுள் சோதித்தறிவதும் இதயத்தையும் சிறுநீரகங்களையுமே. இதன் பின்னணி பலிபீடம். ஆட்டையோ மாட்டையோ அறுத்துப் படைக்கும்போது இரண்டு சிறுநீரகங்களையும் அவற்றைப் பொதிந்திருக்கும் கொழுப்போடு எடுத்து எரிக்க வேண்டும் என்பது லேவியராகமத்தின் விதி. உடலின் ஆழத்தில் கொழுப்பினுள் மறைந்து கிடக்கும் உறுப்பு அது. மனிதனின் மறைவான எண்ணத்துக்கு அது பெயராயிற்று.

பழைய மொழிபெயர்ப்பு, பலியிடும் இடத்தில் ‘குண்டிக்காய்’ என்று எழுதியது. சங்கீதங்களில் ‘உள்ளிந்திரியங்கள்’ என்று எழுதியது. முன்னது கசாப்புக்கடையிலும் நாட்டு மருத்துவத்திலும் வழங்கிய சொல். பின்னது கட்டியமைத்த சொல். ஆழம் என்னும் குறிப்பு அதில் உண்டு, உறுப்பு இல்லை. ‘இந்திரியம்’ என்னும் சொல்லுக்கு விந்து என்னும் பொருளும் இருப்பதால், விளக்கமின்றிப் படிக்கும் இளைஞர் திகைப்பதும் உண்டு. மாற்றாக என்ன வைக்கலாம் என்று நானும் முயன்று பார்த்தேன். ‘நெஞ்சையும் அடிவயிற்றையும் சோதிக்கிறவர்’ என்றால் மருத்துவரின் மேசை நினைவுக்கு வருகிறது. ‘ஈரற்குலை’ என்றால் அது நடுங்க மட்டுமே அறியும். ‘அடிமனம்’ என்பதே ஓரளவு பொருந்துகிறது. ‘அடி’ என்பதில் அந்த ஆழமேனும் எஞ்சுகிறது.

இறுதியாகக் கிரேக்கம். ‘ஸ்ப்ளாங்ஹ்னா’ என்பது உள்ளுறுப்புகளின் தொகுதி. யூதாசின் சாவைச் சொல்லுமிடத்தில் அது மெய்யாகவே குடல், தமிழிலும் குடலே. நற்செய்தி நூல்களில் அதிலிருந்து பிறந்த வினை, பிறர் துயர்கண்டு இளகுவதைக் குறிக்கிறது; தமிழில் ‘மனதுருகி’ என்று வந்தது. உருகுதல் என்பது பக்திப் பாடல்களில் ஊறிய சொல்லாதலால் இது மிக நன்றாகவே அமைந்தது.

ஆனால் பவுல் பிலேமோனுக்கு எழுதிய 25 வசனங்களே கொண்ட சிறு கடிதத்தைப் பாருங்கள். ஒநேசிமு என்னும் அடிமை தன் தலைவனாகிய பிலேமோனைப் பிரிந்துவந்து பவுலிடம் சேர்ந்திருக்கிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். அவன் தண்டிக்கப்படுவானா, உடன்பிறந்தானாக ஏற்கப்படுவானா என்பது இக்கடிதத்தைப் பொறுத்தது. பவுல் அச்சொல்லை மூன்று முறை ஆளுகிறார். நீ அடியாரின் ஸ்ப்ளாங்ஹ்னாவை இளைப்பாற்றினாய் என்று முதலில் புகழ்கிறார். இவன் என் ஸ்ப்ளாங்ஹ்னா என்று அடுத்துச் சொல்கிறார். என் ஸ்ப்ளாங்ஹ்னாவை இளைப்பாற்று என்று முடிவில் கேட்கிறார். பெயர் சொல்லாமலேயே அடிமைக்காக வேண்டும் வேண்டுகோள் அதில் அடங்கிவிட்டது.

தமிழில் மூன்றிடத்தும் ‘உள்ளம்’ என்ற ஒரே சொல்லைக் காத்தது அக்குழுவின் கூர்மை. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நடுவிடத்தில் மட்டும் ‘போல்’ என்னும் உவம உருபு சேர்ந்து, அவன் உள்ளம்போல் இருப்பவன் ஆனான். பவுல் உவமை சொல்லவில்லை. இவனே அது என்றார். உவமையாயின், உள்ளம் வேறு, அவன் வேறு. கடைசி வேண்டுகோளில் இளைப்பாற வேண்டியவர் பவுல் ஒருவரே ஆகிவிடுகிறார். ‘போல்’ என்பதை நீக்கிப் படித்துப் பாருங்கள். அடிமையின் பெயர் அவ்வேண்டுகோளுக்குள் மீண்டும் வந்து நிற்கும்.