மறுத்த பிறகு துரத்தினால்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தன்னைப் பின்தொடரும் ஒருவனிடம் "விருப்பமில்லை" என்று நேற்றே சொல்லிவிட்டாள். இன்றும் அதே நிறுத்தத்தில் அவன் நிற்கிறான். சினிமாவில் இங்கே பாட்டு வரும். நிஜத்தில் அவள் பயந்து வேறு நிறுத்தத்தில் இறங்குகிறாள்.

2015-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நடந்த ஒரு வழக்கிலும் இந்தச் சினிமா பேச்சு வந்தது. இரண்டு பெண்களை விடாமல் துரத்தியவர் ஓர் இந்தியர். துரத்தினால் மனம் மாறும் என்பதை இந்திப் படங்களில் பார்த்து நம்பிவிட்டார் என்று வாதாடினார் அவருடைய வழக்கறிஞர். அவர் சிறைக்குப் போகாமல் தப்பினார். ஆனால் ஐந்து ஆண்டு நன்னடத்தை நிபந்தனை விழுந்தது.

இங்கே பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-ஆவது பிரிவு இருக்கிறது. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றால், அது குற்றம். தொடாவிட்டாலும் குற்றம். இணையத்தில் அவளைக் கண்காணித்தாலும் குற்றம்தான். முதல் தடவையே சிறைத் தண்டனைக்கு வழி உண்டு. "காதலித்தேன்" என்பது விலக்கு இல்லை.

தம்பிகளே, அவள் மறுத்தால் அன்றோடு நிறுத்துங்கள். தோழி மூலம் தூது வேண்டாம், புது எண்ணிலிருந்து மெசேஜும் வேண்டாம். தொல்லை தொடர்ந்தால் பெண்கள் அழைக்க வேண்டிய உதவி எண் 181.